விலை ஏற்ற அறிவிப்பு: அபராதமில்லாமல் ஒப்பந்தத்தை முடிக்கக் கிடைக்கும் அவகாசம்

எந்த நிறுவனமும் 'விலையை ஏற்றுகிறோம்' என்று மெயிலுக்குத் தலைப்பு வைப்பதில்லை. 'உங்கள் சேவையில் சில மாற்றங்கள்' என்றுதான் வரும். முதல் பத்தியில் வேகம் கூட்டியிருக்கிறோம், நெட்வொர்க்கில் முதலீடு செய்திருக்கிறோம் என்று இருக்கும். மூன்றாவது பத்தியில்தான் புதிய மாதக் கட்டணமும் அது எந்தத் தேதியிலிருந்து என்பதும் வரும். அதற்கும் கீழே, பெரும்பாலோர் படிக்காமல் மூடிவிடும் இடத்தில், ஒரு வாக்கியம்: 'இந்த மாற்றத்தை ஏற்க விருப்பமில்லையென்றால், இன்ன தேதிக்குள் கூடுதல் கட்டணமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.'

இரண்டு வருட பிராட்பேண்ட் அல்லது மொபைல் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு, பாதியில் விட்டால் அபராதம் என்று பொறுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மெயிலிலேயே முக்கியமானது. சட்டத்தின் பார்வையில் அங்கே நடப்பது இதுதான்: நிறுவனம் பழைய ஒப்பந்தத்தைக் கைவிட்டு, புதிய நிபந்தனைகளோடு இன்னொன்றை நீட்டுகிறது. இருவர் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தை ஒருவர் மட்டும் மாற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும் என்றால், மற்றவர் ஒதுங்கிக்கொள்ள வழி விட வேண்டும். பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. ஆனால் அந்த வழி எப்போது திறக்கும், எவ்வளவு நாள் திறந்திருக்கும், எப்போது திறக்கவே திறக்காது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

இதில் விதிகள் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருப்பது தொலைத்தொடர்புச் சேவைகளுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பின் 105-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. நிறுவனம் ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றுவதாக இருந்தால், குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வெளியேறலாம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு பின்னால் எடுத்துப் பார்க்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். கடிதமோ மெயிலோ சரி, இணையதளத்தில் ஓரமாக ஒரு வரி போட்டால் போதாது. அறிவிப்பு வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் வாடிக்கையாளர் செலவில்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். உறுப்பு நாடுகள் விரும்பினால் இந்த அவகாசத்தை மேலும் மூன்று மாதம் வரை நீட்டலாம்; ஜெர்மனி அதை மொத்தம் மூன்று மாதமாக்கியிருக்கிறது.

மூன்று விதமான மாற்றங்களுக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது. ஒன்று, மாற்றம் முழுக்க முழுக்க வாடிக்கையாளருக்குச் சாதகமாக இருப்பது. இன்னொன்று, நிர்வாக வசதிக்காகச் செய்து வாடிக்கையாளருக்கு எந்தப் பாதிப்பும் இல்லாதது. மூன்றாவது, சட்டமே நேரடியாகக் கட்டாயப்படுத்தும் மாற்றம். அரசு வரி விகிதத்தை உயர்த்தியதால் பில் கூடுவது இதில் வரும். முதலாவதில் 'முழுக்க முழுக்க' என்பதைக் கவனியுங்கள். வேகத்தைக் கூட்டிவிட்டு விலையையும் கூட்டினால் அது முழுக்கச் சாதகம் ஆகாது. 'கூடுதல் வேகம் தருகிறோமே, அப்புறம் எப்படி இது பாதகம்' என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், எனக்கு அந்த வேகம் வேண்டியிருக்கவில்லை என்று சொன்னாலே போதும்.

சரி, விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் வெளியேறிவிடலாமா? முடியாது. பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது.

கையெழுத்துப் போட்ட அன்றே ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விலை ஏற்றம் சட்டப்படி 'மாற்றம்' ஆகாது. ஆஸ்திரியாவின் ஏ1 டெலிகாம் நிறுவனத்தின் மீது அங்குள்ள நுகர்வோர் அமைப்பு போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2015 நவம்பரில் இதைத் தீர்த்துச் சொன்னது. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், அரசு அமைப்பு கணக்கிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பின்பற்றிக் கட்டணம் ஏறும் என்று ஒரு ஷரத்து இருந்தது. குறியீட்டெண் ஏறியது, கட்டணமும் ஏறியது. வாடிக்கையாளர் இதைக் காரணம் காட்டி வெளியேற முடியுமா என்பது கேள்வி. முடியாது என்றது நீதிமன்றம். எப்படி ஏறும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, கணக்கு பொதுவெளியில் இருக்கிறது, நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எதையும் மாற்றவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

இதே தர்க்கத்தின் விளைவை பிரிட்டனில் பார்க்கலாம். அங்கே மொபைல், பிராட்பேண்ட் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக 'பணவீக்கம், அதோடு 3.9 சதவீதம்' என்ற மாதிரி ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தன. பணவீக்கம் உச்சத்துக்குப் போன வருடங்களில் பில் தாறுமாறாக ஏறியது, ஆனால் யாருக்கும் வெளியேறும் உரிமை இல்லை. அந்த வரிக்கு ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்பதுதான் பதில். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2025 ஜனவரி 17 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் பணவீக்கத்தோடு கட்டிய ஏற்றங்களைத் தடைசெய்தது. இப்போது நடுவில் விலை ஏறும் என்றால் எத்தனை பவுண்ட், எத்தனை பென்ஸ், எந்தத் தேதியிலிருந்து என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொகையை முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அந்த ஏற்றம் வரும் நாளில் வாடிக்கையாளருக்கு வெளியேறும் உரிமை வராது. சொன்ன தொகையைவிட ஒரு பென்ஸ் கூடுதலாக ஏற்ற முயன்றால்தான் வரும்.

ஆகவே அறிவிப்பு வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது பழைய ஒப்பந்தச் சுருக்கம். அதில் 'விலை' என்று தேடுங்கள். எதிர்கால ஏற்றம் எண்ணாகவோ சூத்திரமாகவோ இருந்தால், வந்திருக்கும் புதிய விலை அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று போட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் கதவு மூடியிருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றாலோ, 'நிறுவனம் அவ்வப்போது கட்டணத்தை மாற்றலாம்' என்ற பொத்தாம்பொதுவான வரி மட்டும் இருந்தாலோ, திறந்திருக்கிறது. அப்படிப்பட்ட பொதுவான வரியை நம்பி நிறுவனங்கள் 'நீங்கள் ஏற்கெனவே சம்மதித்ததுதான்' என்று சொல்வதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு நியாயமற்ற ஷரத்துகள் பற்றிய சட்டம், ஒப்பந்தத்தில் தகுந்த காரணம் எதுவும் குறிப்பிடாமல் நிபந்தனைகளைத் தன்னிச்சையாக மாற்ற இடம் தரும் ஷரத்தையும், விலையை ஏற்றிவிட்டு வெளியேற வழி தராத ஷரத்தையும் நியாயமற்றதாகக் கருதத்தக்கவற்றின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

இனி ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். எந்த நாணயமானாலும் பொருந்தும்படி மாதக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். 24 மாத ஒப்பந்தம், ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. கூடவே ஒரு போனும் சலுகையில் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பு 600. அடுத்த வருடம் மார்ச் 3-ஆம் தேதி மெயில் வருகிறது: மே 1 முதல் கட்டணம் 112. ஒப்பந்தத்தில் ஏற்றம் பற்றி எந்தச் சூத்திரமும் இல்லை.

மே 1 அன்று பத்து மாதம் முடிந்திருக்கும், பதினான்கு மாதம் பாக்கி. பேசாமல் இருந்தால் கூடுதலாகக் கட்டுவது 12 பெருக்கல் 14, அதாவது 168. இதே அளவு சேவையை இன்னொரு நிறுவனம் புது வாடிக்கையாளருக்கு, போன் இல்லாமல், 80-க்குத் தருகிறது என்று வைப்போம். மாறினால் மாதம் 32 வீதம் பதினான்கு மாதத்தில் 448 மிச்சம். அறிவிப்பே வராமல் இருந்து சும்மா பாதியில் முறித்திருந்தால், மீதி மாதங்களின் கட்டணம் என்று 1,400 வரை கேட்டிருக்கலாம். அறிவிப்பு வந்ததால் அந்தத் தொகை பூஜ்யமாகிறது.

ஆனால் போன் இருக்கிறது. 'செலவில்லாமல்' என்பது சலுகையில் வாங்கிய கருவிக்குப் பொருந்தாது. கருவியை நீங்களே வைத்துக்கொள்வதாக இருந்தால் நிறுவனம் ஈடு கேட்கலாம். அதற்கு அதே 105-ஆவது பிரிவு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தம் போட்ட நாளில் கருவிக்கு ஒத்துக்கொண்ட மதிப்பில் மீதிக் காலத்துக்கான பங்கு, அல்லது ஒப்பந்த முடிவு வரை பாக்கியிருக்கும் சேவைக் கட்டணம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. நம் கணக்கில் 600-ஐ 24-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் 350. பாக்கிக் கட்டணமோ 1,400. ஆக 350-க்கு மேல் கேட்க முடியாது. 448 மிச்சத்தில் 350 போனால் கையில் நிற்பது 98. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் போன் உங்களுடையதாகிவிடுகிறது, பூட்டும் கழன்றுவிடுகிறது. போன் இல்லாமல் ரவுட்டர் மட்டும் இருந்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 448-உம் உங்களுக்கே. இந்தக் கணக்கைப் போடாமல் கோபத்தில் முறிப்பவர்களுக்குத்தான் கடைசி பில் அதிர்ச்சியாக வருகிறது.

இப்போது தேதிகளுக்கு வருவோம். உரிமையை இழப்பவர்களில் பெரும்பாலோர் இழப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். புதிய விலை மே 1 முதல் என்பதால், மே மாத பில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு மாத அவகாசம் ஓடத் தொடங்குவது அறிவிப்பு வந்த மார்ச் 3-ஆம் தேதியிலிருந்து. ஏப்ரல் தொடக்கத்திலேயே அது முடிந்துவிடும். மே பில்லைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யும்போது, கதவு மூடி ஒரு மாதம் ஆகியிருக்கும். மூன்று மாத அவகாசம் உள்ள ஜெர்மனியில் அதே ஆள் தப்பித்துவிடுவார். உங்கள் நாட்டில் எவ்வளவு என்பதை அந்த அறிவிப்பின் கடைசிப் பத்தியே சொல்லும். சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு குறை. அந்த மெயிலை அழிக்காதீர்கள். வந்த தேதி தெரியும்படி ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் கொடுக்கும் முறிவு அறிவிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு விஷயங்கள் அதில் இருந்தே ஆக வேண்டும்: எந்த ஒப்பந்தம், எந்த அறிவிப்பு, எந்த உரிமை, எந்த நாள். இப்படி எழுதினால் போதும்:

"ஒப்பந்த எண் இன்னது. மார்ச் 3 தேதியிட்ட உங்கள் அறிவிப்பில் மே 1 முதல் மாதக் கட்டணத்தை 100-லிருந்து 112-ஆக உயர்த்துவதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை. நிபந்தனை மாற்றத்தால் எனக்குக் கிடைக்கும் உரிமையைப் பயன்படுத்தி, புதிய கட்டணம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 30-உடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். முடிவுத் தேதியையும், முன்கூட்டி முறிப்பதற்கான கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் எழுத்தில் உறுதிசெய்யவும்."

'சேவையை நிறுத்திவிடுங்கள்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? நிறுவனத்தின் கணினிக்கு அது சாதாரண முறிவு. காரணம் பதிவாகாததால், ஒப்பந்தக் காலம் முடியும் தேதியைப் போட்டு, அல்லது அபராதத்தைச் சேர்த்து, தானாகவே பதில் அனுப்பிவிடும். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல் இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் முறிவுப் பொத்தான் வைத்தாக வேண்டும். அதை அழுத்தினால் வரும் படிவத்தில் முறிவின் வகையைக் குறிப்பிட இடம் இருக்கும்: வழக்கமானதா, சிறப்புக் காரணத்தாலா. அவசரத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் பின்னால் சரிசெய்வது வீண் அலைச்சல். உங்கள் முறிவு சரியாகப் பதிவானதா என்று கண்டுபிடிக்க எளிய வழி, உறுதிப்படுத்தும் பதிலில் இருக்கும் முடிவுத் தேதியைப் பார்ப்பது. நம் கணக்கில் ஏப்ரல் 30 என்று இருந்தால் சரி. அடுத்த வருட ஜூன் 30 என்று இருந்தால் உங்கள் காரணத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவகாசம் முடிவதற்குள் உடனே பதில் எழுத வேண்டும்.

முறிவுக் கடிதம் போன ஓரிரு நாளில் ஒரு போன் வரலாம். மறுமுனையில் மிக அன்பான ஒருவர். வாடிக்கையாளர் கையை விட்டுப் போகாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. 'சார், உங்களுக்கு மட்டும் பழைய விலையிலேயே தருகிறோம்' என்பார். சில சமயம் அது உண்மையிலேயே நல்ல பேரமாக இருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குச் சம்மதித்தால் ஒப்பந்தக் காலம் புதிதாகத் தொடங்குமா? பெரும்பாலும் தொடங்கும். பாக்கியிருந்த பதினான்கு மாதம் இருபத்துநான்காகிவிடும், உங்கள் கையிலிருந்த முறிவு உரிமையும் அந்தச் சம்மதத்தோடு போய்விடும். போனில் 'சரி' சொல்வதற்கு முன் சலுகையை எழுத்தில் கேளுங்கள், அதில் விலை, காலம், நடுவில் ஏறும் விலை மூன்றையும் பாருங்கள். இந்த பேரத்துக்கு வலு இருப்பது அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் என்பது அவர்களுக்கும் தெரியும். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று நாட்களைக் கடத்த உதவும் அழைப்புகள் தற்செயலாக வருவதில்லை.

இன்னொரு பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம்: ஆட்டோ டெபிட்டை வங்கியில் நிறுத்திவிட்டு, ஒப்பந்தமும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது. பணம் கட்டாமல் இருப்பதும் ஒப்பந்தத்தை முறிப்பதும் வேறு வேறு. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது பணம் நின்றால் அது பாக்கி. பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போகும், கடன் மதிப்பீட்டில் விழும். முதலில் எழுத்தில் முறிவு, அப்புறம் உறுதிப்படுத்தல், கடைசி பில் கட்டியான பிறகே ஆட்டோ டெபிட் ரத்து. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதாக இருந்தாலும் இதே வரிசை நல்லது. எண் மாறியதும் பழைய இணைப்பு தானாக முடிந்துவிடும்தான், ஆனால் எந்தக் காரணத்தால் முடிந்தது என்பது பழைய நிறுவனத்திடம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் போனவர் என்ற கணக்கில் பில் வரும்.

குறைந்தபட்சக் காலம் ஏற்கெனவே முடிந்து மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அதே ஐரோப்பியச் சட்டப்படி, தானாக நீண்டுகொண்டிருக்கும் ஒப்பந்தத்தை அதிகபட்சம் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம், விலை ஏறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாதச் சந்தாவில் ஓடும் சினிமா, பாட்டுச் சேவைகளும் அப்படித்தான். அங்கே விலை ஏற்ற அறிவிப்பு தனி உரிமை எதையும் தருவதில்லை. ஒரு நினைவூட்டலாக மட்டும் பயன்படும். ஆனால் அங்கேயும் ஏற்றமே செல்லுமா என்ற கேள்வி இருக்கிறது. ஜெர்மனியில் அமேசான் பிரைம் 2022-இல் வருடச் சந்தாவை 69 யூரோவிலிருந்து 89.90 யூரோவாக ஏற்றியது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஷரத்து செல்லாது என்று டுசல்டார்ஃப் மாவட்ட நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வெளியேறுவது மட்டுமே வழி என்று நிறுவனம் சொல்லும் இடத்தில், பழைய விலையிலேயே நீடிக்கும் வழியும் சில சமயம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

வங்கிகளில் நிலைமை கொஞ்சம் தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணப்பட்டுவாடாச் சேவைகள் சட்டப்படி, கணக்கின் நிபந்தனைகளை மாற்ற இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், அந்த இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர் மறுப்புச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். மாற்றம் அமலுக்கு வரும் வரை கட்டணமில்லாமல் கணக்கை மூடும் உரிமையும் உண்டு. மௌனம் சம்மதம் என்ற இந்த ஏற்பாட்டை வங்கிகள் எல்லையில்லாமல் நீட்டின. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27 அன்று போஸ்ட்பேங்க் வழக்கில் அதற்குக் கடிவாளம் போட்டது: ஒப்பந்தத்தின் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் மௌனத்தின் பேரில் மாற்றலாம் என்ற ஷரத்து செல்லாது. அதன் பிறகு பலர் அத்தகைய மௌனத்தின் பேரில் வசூலித்த கட்டணங்களைத் திருப்பிக் கேட்டார்கள். வங்கிகள் வெளிப்படையாகச் சம்மதம் கேட்டுக் கடிதம் அனுப்பத் தொடங்கின.

இந்தியாவில் இப்படி எல்லாச் சேவைக்கும் பொருந்தும் ஒரே சட்டம் கிடையாது. துறைக்குத் துறை மாறும். கிரெடிட் கார்டில் தெளிவாக இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வட்டி தவிர்த்த கட்டணங்களை மாற்ற குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும், மாற்றம் வரும் நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். கட்டண மாற்றம் பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுப்பவரிடம், பாக்கியைக் கட்டிவிட்டால் போதும், மூடுவதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கார்டின் ஆண்டுக் கட்டணம் ஏறப்போகிறது என்று குறுஞ்செய்தி வந்தால், கட்டணம் விழுந்த பிறகு திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதைவிட, அந்த ஒரு மாதத்துக்குள் இதைப் பயன்படுத்துவது சுலபம்.

மொபைல் கட்டணத்தில் பாதுகாப்பு வேறு வடிவில் வருகிறது. ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்தத் திட்டத்தின் எந்தக் கட்டணத்தையும் உங்களுக்கு ஏற்றக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஆறு மாதத்துக்கும் மேல் செல்லுபடியாகும் திட்டம் என்றால் அந்தக் காலம் முழுவதும் பாதுகாப்பு உண்டு. பிரீபெய்டில் ஒப்பந்தப் பூட்டு என்று ஒன்று இல்லை என்பதால் வெளியேறும் உரிமைக்கு அங்கே வேலை குறைவு. பழைய விலையில் ரீசார்ஜ் செய்து முடித்துவிட்ட காலத்துக்கு நடுவில் கூடுதலாகக் கேட்க முடியாது என்பதுதான் முக்கியம்.

தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களுக்கு இன்னொரு தடுப்பும் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கார்டில் தொடர் பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரம் முன்னதாகவாவது வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அதில் அந்தப் பிடித்தத்தையோ மொத்த ஏற்பாட்டையோ வேண்டாம் என்று சொல்ல வசதி இருக்க வேண்டும். மாறும் தொகைக்குச் சம்மதம் கொடுக்கும்போது அதிகபட்ச வரம்பை நீங்களே வைக்கலாம். அந்த வரம்பைப் பெரிய தொகையாக விட்டு வைத்திருப்பவருக்கு விலை ஏற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடும். இன்றைய சந்தாத் தொகையை ஒட்டியே வரம்பை வைத்திருப்பவருக்கு, விலை ஏறிய மாதத்தில் பிடித்தம் தடைபட்டு, புதிதாகச் சம்மதம் கேட்டு ஓடிபி வரும். வங்கி செயலியில் 'தொடர் பிடித்தங்கள்' இருக்கும் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றின் வரம்பையும் ஒரு தடவை பார்த்தால், எத்தனை சந்தாவுக்கு நீங்கள் வெற்றுக் காசோலை கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, விலை அல்லாத மாற்றங்கள். தினசரி டேட்டா வரம்பைக் குறைப்பது, இலவசமாக இருந்த வெளிநாட்டு ரோமிங்கை எடுப்பது, புகார்களுக்கான தொலைபேசி உதவியை நிறுத்துவது, இவையெல்லாம் நிபந்தனை மாற்றங்கள்தான். ஐரோப்பியச் சட்டத்தில் வெளியேறும் உரிமை விலைக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை; 'ஒப்பந்த நிபந்தனைகளில் மாற்றம்' என்றே இருக்கிறது. இணைய இணைப்போடு டிவி, போன் எல்லாம் சேர்ந்த கூட்டுத் தொகுப்பு என்றால், 105-ஆவது பிரிவின் விதிகள் தொகுப்பின் எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும். விலையைத் தொடாமல் சேவையை மெலிதாக்கும் மெயில்கள் இன்னும் மெதுவான குரலில் வரும். அவற்றில் வெளியேறும் உரிமையைப் பற்றிய வாக்கியமே சில சமயம் இருக்காது, 'சிறிய நிர்வாக மாற்றம்' என்று பெயர் சூட்டியிருப்பார்கள். அப்படி வந்தால் மேலே உள்ள கடிதத்தையே எடுத்து, கட்டணம் என்ற இடத்தில் எது குறைக்கப்பட்டது என்பதை எழுதி அனுப்புங்கள். இது உங்களைப் பாதிக்காத நிர்வாக மாற்றம் என்று அவர்கள் மறுத்தால், பாதிப்பு இல்லை என்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒழுங்குமுறை அமைப்பிடமோ குறைதீர்ப்பு மன்றத்திடமோ போகும்போது, அறிவிப்பு, உங்கள் கடிதம், அவர்களின் பதில் மூன்றும் தேதியோடு கையில் இருந்தால் போதும்.